மகிழ்ச்சிக்கு ஏன் ஒரு ‘ச்’ கூடுதல்?

ஆறாம் வகுப்புக் கட்டுரைத் தாள்களைத் திருத்தும் எந்த ஆசிரியருக்கும் பழகிய பிழை ஒன்று உண்டு: ‘முயற்ச்சி’. பள்ளியில் மட்டுமில்லை. சுவரொட்டியிலும் திருமண வாழ்த்துப் பலகையிலும் பயிற்சி மையத்தின் பெயர்ப் பலகையிலும்கூட இது பல்லைக் காட்டும். ‘பயிற்ச்சி’, ‘ஆட்ச்சி’, ‘அதற்க்கு’, ‘கேட்க்க’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள்.

ஆசிரியர் சிவப்பு மையால் ‘ச்’சை அடிக்கிறார். மாணவி பத்து முறை ‘முயற்சி’ என்று எழுதிக் காட்டுகிறாள். அடுத்த வாரக் கட்டுரையில் ‘மகிழ்சி’ என்று எழுதி வைக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ‘ச்’ போடாதே என்றார்கள், போடவில்லை!

உண்மையில் அவளுடைய காது முதலிலிருந்தே சரியாகத்தான் வேலை செய்தது. தமிழில் சொல்லின் நடுவே ஒற்றை ‘ச’ மென்மையாக ஒலிக்கும். காசு, பாசி, வாசல் என்று சொல்லிப் பாருங்கள். ‘ச்ச’ என்று இரட்டித்தால் அழுத்தமாக ஒலிக்கும்; பச்சை, மூச்சு. ‘முயற்சி’யில் வரும் ‘சி’ அந்த அழுத்தமான வகை. முன்னால் நிற்கும் ‘ற்’ அதற்கு அழுத்தம் தருகிறது. அழுத்தமான ஒலியைக் கேட்ட குழந்தை அதற்குரிய எழுத்தாக ‘ச்ச’வைப் போட்டுவிடுகிறாள். பிழை காதில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஆகவே பத்து முறை எழுத வைப்பது இந்த நோய்க்கு மருந்தாகாது.

மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. ‘முயற்சி’யைத் தனியாகப் பார்க்காமல் அதன் சொந்தக்காரர்களையும் அழைத்து வந்து உட்கார வைக்க வேண்டும். சொற்குடும்பம் என்று இதைச் சொல்லலாம். ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்களின் கூட்டம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு இது ஏற்ற வயது. எழுத்துகள் தெரியும், சொற்கள் ஏராளமாகத் தெரியும். அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு ஓடுவதைத்தான் இன்னும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கரும்பலகையில் மூன்று வரிசை எழுதலாம். முதல் வரிசையில் முயல், பயில், சுழல். இரண்டாவதில் ஆள், வறள், புரள். மூன்றாவதில் மகிழ், நிகழ், வீழ். இவை எல்லாம் வினைகளின் வேர்கள். ஒவ்வொன்றோடும் ‘சி’ சேர்த்துப் பெயராக்கச் சொல்லுங்கள். விதி எதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளே சொல்வார்கள்: முயற்சி, பயிற்சி, சுழற்சி. ஆட்சி, வறட்சி, புரட்சி. மகிழ்ச்சி, நிகழ்ச்சி, வீழ்ச்சி.

இப்போது பலகையைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னால் போதும். ‘ல்’ இருந்த இடத்தில் எல்லாம் ‘ற்’ வந்திருக்கிறது. ‘ள்’ இருந்த இடத்தில் எல்லாம் ‘ட்’. ‘ழ்’ மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. அதன் பக்கத்தில் ‘ச்’ என்று ஒரு புது எழுத்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘முயற்ச்சி’யின் புதிர் இங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. அந்த ‘ற்’ வேறொன்றுமில்லை, வேடம் மாறிய ‘ல்’தான். வல்லெழுத்தான ‘ச’ வருகிறது என்றதும் மெலிந்த ‘ல்’ தானே வல்லெழுத்தாக மாறி வழிவிட்டது. அதற்கு மேல் இன்னொரு ஒற்றுக்கு அங்கே வேலை இல்லை. ‘ழ்’ மாறாதது என்பதால் அங்கே அந்த அழுத்தத்தைக் காட்டத் தனியாக ஒரு ‘ச்’ தேவைப்படுகிறது. வளர்ச்சி, ஆராய்ச்சி இரண்டிலும் இதே கதைதான். ‘ர்’, ‘ய்’ இரண்டும் மாறாத எழுத்துகள்.

இதை இலக்கணக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே கவனித்துவிட்டார்கள். தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்து நிற்பதை ஈரொற்று மயக்கம் என்பார்கள். ‘வாழ்க்கை’யில் ழ், க் இரண்டும் நிற்கின்றன அல்லவா, அதுபோல. இப்படி முதலில் நிற்கும் உரிமை மூன்றே மெய்களுக்கு: ய், ர், ழ். வாய்ப்பு, தீர்ப்பு, வாழ்த்து. ‘ற்’றுக்கும் ‘ட்’டுக்கும் அந்த உரிமை கிடையாது. மூன்று எழுத்தை நினைவில் வைத்தால் ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’, ‘கேட்க்க’, ‘கற்க்கும்’ என்று ஒரு மூட்டைப் பிழை ஒரே வீச்சில் போய்விடும். எழுத்துப்பிழைக்கு இவ்வளவு மலிவான மருந்து வேறு மொழிகளில் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, ‘ல்’ ஏன் ‘ற்’ ஆக வேண்டும்? ‘ட்’ ஆனால் என்ன? இதற்கான விடை வாய்க்குள் இருக்கிறது. ‘ல்’ என்று சொல்லி நாக்கை அப்படியே நிறுத்திப் பாருங்கள். நுனி, மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறு மேட்டில் நிற்கும். அங்கிருந்து நகராமல் ‘ன்’ சொல்லுங்கள். சொல்ல முடியும். ‘ற’வும் அதே வட்டாரத்தில் பிறப்பது. இனி ‘ள்’ சொல்லுங்கள். நாக்கு மடிந்து சுமார் ஒரு விரலகலம் பின்னால் போய் அண்ணத்தைத் தொடுகிறது. அங்கேயே நின்றுகொண்டு ‘ண்’, ‘ட்’ இரண்டையும் சொல்லிவிடலாம்.

ஆக, இரண்டு வீடுகள். ல, ன, ற மூன்றும் முன்வீட்டுக்காரர்கள். ள, ண, ட மூன்றும் பின்வீட்டுக்காரர்கள். சொல்லோடு சொல் சேரும்போது ஓர் எழுத்து தன் வீட்டு ஆளுக்கு இடம் கொடுக்கும். அடுத்த வீட்டு ஆளுக்குக் கொடுக்காது. ‘ழ்’ இரண்டிலும் சேராமல் தனிக்குடித்தனம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் ‘ட, ண’ இரண்டையும் ஒரு சோடியாகவும் ‘ற, ன’ இரண்டையும் இன்னொரு சோடியாகவும் நாக்கின் நிலையை வைத்தே பிரிக்கிறது. கருவி ஏதும் இல்லாத காலத்தில், வாய்க்குள் நடப்பதை உணர்ந்தே இதைக் கண்டிருக்கிறார்கள்.

பள்ளியில் ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகிய எட்டையும் மயங்கொலிகள் என்று சொல்லித் தருகிறோம். கேட்கும்போது ஒன்றுபோல் மயக்கும் ஒலிகள். வழக்கமான பாடம் எப்படிப் போகும் என்றால், அலை, அளை, அழை என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருள் வேறுபாடு எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குழப்பும் மூன்று பேரை ஒன்றாக நிறுத்தினால் குழப்பம் கூடத்தான் செய்யும். ஒவ்வொருவரையும் அவரவர் குடும்பத்தோடு நிறுத்தினால் முகம் தெளிவாகிவிடும்.

‘விலை’, ‘விளை’, ‘விழை’ மூன்றையும் அப்படிப் பிரித்துப் பார்ப்போம். விலை என்பது ‘வில்’ என்ற வேரின் பிள்ளை. விற்றான், விற்பனை, விலை எல்லாம் ஒரே குடும்பம். ‘ற்’ இருக்கிறது, ஆகவே முன்வீடு, ஆகவே ‘ல’. விளை என்பதோடு விளைச்சல், விளைநிலம், விளைவு வருகின்றன. விழை என்பதோடு விழைவு, விழைந்தான். ‘விலைவு’ என்றோ ‘விளைப்பனை’ என்றோ எந்தக் குடும்பத்திலும் ஆள் இல்லை.

இதைவிட வியப்பானது, இந்தச் சோதனைக்கான கருவி எல்லாக் குழந்தையின் வாயிலும் ஏற்கெனவே இருக்கிறது. பல ஊர்களில் ‘வாழைப்பழம்’ பேச்சில் ‘வாளப்பளம்’ ஆகிவிடுகிறது. அங்கே வளரும் பிள்ளைக்குக் காதை நம்பி ழ, ள பிரிக்க முடியாது. ஆனால் ஒரு வினையின் இறந்தகால வடிவம் அதே பேச்சில் தெளிவாக இருக்கும். ‘கேள்வி’யில் ‘ல’வா ‘ள’வா? யாரோ கேள்வி கேட்டான். ‘ட்ட’ வந்துவிட்டது, பின்வீடு, ஆகவே கேள்வி. ‘தோல்வி’யில்? பேச்சில் ‘தோத்தான்’, எழுத்தில் தோற்றான். முன்வீடு, ஆகவே தோல்வி. செல், சென்றான். நில், நின்றான். உருள், உருண்டான். நீள், நீண்டது. பெரும்பாலான ஊர்களின் பேச்சில் ‘நின்றான்’ என்பது ‘நின்னான்’ என்று தேய்ந்தாலும் ‘நிண்டான்’ ஆவதில்லை. ‘உருண்டான்’ ‘உருன்னான்’ ஆவதில்லை. எழுத்தில் தடுமாறும் பிள்ளை அந்தப் பேச்சில் அநேகமாகத் தடுமாறுவதில்லை.

‘ழ்’ இருந்தால் இறந்தகாலத்தில் ‘ந்த’ வரும்: வாழ்ந்தான், மகிழ்ந்தான், கவிழ்ந்தது. ‘நிகள்ச்சி’ என்று எழுதிய பையனிடம், “அப்படியானால் நேற்று அந்த நிகழ்ச்சி ‘நிகண்டது’ என்று சொல்வாயா?” என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். அவன் தானாகவே திருத்திக்கொள்வான்.

வினைகளோடு நிற்பதில்லை இந்த ஒழுங்கு. இரண்டு சொற்கள் ஒட்டும்போதும் அப்படியே. இதைப் புணர்ச்சி என்கிறது இலக்கணம். வகுப்பு வருகைப் பதிவேட்டைத் திறந்தாலே சான்றுகள் கிடைக்கும். அருள் + செல்வி, அருட்செல்வி, பின்வீடு. பொன் + கொடி, பொற்கொடி, முன்வீடு. தமிழ் + செல்வி, தமிழ்ச்செல்வி; ‘ழ்’ அசையவில்லை, ‘ச்’ கூடுதல். நாட்காட்டியைப் பார்த்தால் ‘திங்கட்கிழமை’ இருக்கிறது, திங்கள் பின்வீடு. கடல் போனால் கடற்கரை, முள் போனால் முட்செடி.

பின்னால் வருவது வல்லெழுத்தாக இல்லாமல் மெல்லெழுத்தாக இருந்தால் என்ன ஆகும்? வீட்டிலிருந்து மெல்லெழுத்துக்காரர் வெளியே வருவார். நல் + மை, நன்மை. தொல் + மை, தொன்மை. உள் + மை, உண்மை. வெள் + மை, வெண்மை. அதாவது ‘ன்’னா ‘ண்’ணா என்ற குழப்பத்துக்கும் இதே திறவுகோல். ‘எண்ணெய்’யை ‘என்னை’, ‘எண்ணை’ என்றெல்லாம் எழுதும் பிள்ளைக்கு எள்ளைக் காட்டினால் போதும்: எள் + நெய், எண்ணெய். ‘எள்’ளில் இருக்கும் ‘ள்’ளே ‘ண்’ணாகிறது, கடைசியில் நெய் இருப்பதால் ‘ணெய்’ என்றுதான் முடிய வேண்டும். வெள் + நெய், வெண்ணெய்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘வெண்ணெய்’ கற்ற உற்சாகத்தில் பிள்ளைகள் சுடுநீரை ‘வெண்ணீர்’ என்று எழுதிவிடுவார்கள். அது வெள்ளை நீர் ஆகிவிடும். குளிக்கக் காய்ச்சுவது வெந்நீர். வெம்மை, வெப்பம், வெயில், வேகுதல் என்ற சூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளையோடு அதற்கு உறவில்லை. தண்ணீரோ தண்மையிலிருந்து, அதாவது குளிர்ச்சியிலிருந்து வந்தது. ஒலியை வைத்து உறவு கொண்டாடக் கூடாது, பொருளும் ஒத்துவர வேண்டும். இதை விளக்க ‘வெந்நீர்’ போல இன்னொரு சொல் எனக்குத் தெரியவில்லை.

எண்களில் இந்த விளையாட்டு உச்சத்துக்குப் போகிறது. நான்கின் வேர் ‘நால்’. நாலாயிரத்தில் அது அப்படியே நிற்கிறது. நாற்பதில் ‘ற்’ ஆகிறது. நான்மறையில் ‘ன்’ ஆகிறது. நானூற்றில், நெட்டெழுத்துக்குப் பின்னால் இரட்டித்து நிற்க இடமில்லாமல், ஒற்றை ‘னூ’வாகச் சுருங்கிவிடுகிறது. நாம் உட்காரும் நாற்காலியும் இந்த வீட்டுப் பொருள்தான். நால் + கால் என்று பிரித்துச் சொன்னதும் எல்லாப் பிள்ளையும் குனிந்து கால்களை எண்ணும். தொண்ணூறா, தொன்னூறா என்ற பழைய சண்டையும் இங்கே தீரும். பத்து மடங்கு பெரிய உறவினரைக் கேளுங்கள்: தொள்ளாயிரம். அதில் ‘ள்’ பளிச்சென்று இருக்கிறது. ஆகவே தொண்ணூறு.

இனி விதிவிலக்குகள். ‘சொல்’ என்ற வேர் ‘சொன்றான்’ ஆகவில்லை, ‘சொன்னான்’ ஆகிறது. ‘கல்’ கற்கள் ஆனாலும் ‘கால்’ காற்கள் ஆவதில்லை, கால்கள்தான். ஆனால் அதே கால் ‘காற்சட்டை’யில் ‘ற்’ ஆகிறது, ‘பால்’ பாற்குடத்தில் ‘ற்’ ஆகிறது. எட்டாம் வகுப்பில் கட்டாயம் ஒரு கை உயரும்: “ஐயா, நாள்கள் சரியா, நாட்கள் சரியா?” தமிழாசிரியர்களே இதில் இரண்டு கட்சி. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி எழுதிய நன்னூல், ஒரு சொல் இன்னொன்றோடு வேற்றுமை உறவில் சேரும்போது ல், ள் மாறும் என்றும், அந்த உறவு இல்லாத இடத்தில் மாறியும் மாறாமலும் வரலாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறது. பன்மை விகுதி இந்த இரண்டாவது வகையில் வருவதாகக் கொண்டால் இரண்டுக்கும் இடம் உண்டு. மாணவர் எதை எழுதினாலும் நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

இந்த விலக்குகளைக் கூர்ந்து பார்க்கும் பிள்ளைக்கு ஒன்று தட்டுப்படும். சொன்னான், கால்கள், நாள்கள் எதிலும் எழுத்து வீடு தாண்டவில்லை. ‘ல்’ ஒன்று தானாகவே நிற்கிறது, அல்லது ‘ன்’ ஆகிறது, அல்லது ‘ற்’ ஆகிறது. ‘காட்கள்’ என்றோ ‘சொண்டான்’ என்றோ ஆகவில்லை. விலக்கு என்பது மாற்றம் நடக்கிறதா இல்லையா என்பதில் மட்டும்தான். எந்தப் பக்கம் மாறுவது என்பதில் விலக்கு இல்லை.

‘ர’, ‘ற’ குழப்பத்துக்கும் குடும்பம் உதவும், வேறொரு வழியில். கயிறு, கயிற்றில். சேறு, சேற்றில். கிணறு, கிணற்றில். வேற்றுமை உருபு சேர்ந்ததும் ‘ற’ இரட்டிக்கிறது, வீடு ‘வீட்டில்’ ஆவதுபோல. ‘ர’வுக்கு இரட்டிக்கும் வழக்கமே கிடையாது, ஊர் ஊரில்தான், நீர் நீரில்தான். ‘ரு’வா ‘று’வா என்று சந்தேகம் வரும் சொல்லில், பேச்சில் ‘ஆத்துல’, ‘சோத்துல’ என்று ‘த்த’ கேட்டால் எழுத்தில் அங்கே ‘ற்ற’ இருக்கிறது என்று அறியலாம். இங்கே அழகான விலக்கு ஒன்று: ஆற்றில் என்றால் நதி, ஆறில் என்றால் எண். எழுத்திலும் ஒலியிலும் ஒன்றேயான இரண்டு சொற்களை, உருபு வந்ததும் மொழி பிரித்துக் காட்டிவிடுகிறது. ‘தவறு’ மட்டும் இன்னும் முடிவு செய்யாமல் நிற்கிறது. இலக்கணப்படி தவற்றை, செய்தித்தாளில் தவறை.

எல்லாப் பூட்டுக்கும் இந்தச் சாவி பொருந்தாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். எழுத்து சொல்லின் நடுவில் உயிரோடு சேர்ந்து இருந்தால் அது மாறுவதில்லை. மாறாத எழுத்தைச் சோதிக்க முடியாது. விளக்கு, விளக்கம், விளங்கு மூன்றிலும் ‘ள’ என்பதற்குச் சான்று கிடையாது. ஒன்றை மனப்பாடம் செய்தால் மற்ற இரண்டும் இலவசம், அவ்வளவே. ‘சாட்சி’ பார்ப்பதற்கு ‘ஆட்சி’ போல இருந்தாலும் ‘சாள்’ என்று வேர் எதுவும் இல்லை, அது வடமொழியிலிருந்து வந்தது. சில சொற்கள் அனாதைகள்: வெல்லம், பல்லி, கொல்லை. ‘கொள்ளை’க்காவது ‘கொள், கொண்டான்’ என்று குடும்பம் இருக்கிறது. கொல்லைக்கு மாணவர் அறிந்த உறவு யாருமில்லை.

அதனால் வகுப்புச் சுவரில் இரண்டு தாள்கள் ஒட்டலாம். ஒன்றில் குடும்பங்கள்; பிள்ளைகள் படிக்கும் பாடங்களில் புதிய உறவினரைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் கீழே சேர்த்துக்கொண்டே போவார்கள். மற்றதில் அனாதைச் சொற்கள். வாரத்துக்கு நாலைந்து மட்டும், சொல்வதெழுதுதலுக்கு. எவராவது ஒரு மாணவர் அனாதைச் சொல்லுக்கு உறவினரைக் கண்டுபிடித்து, பொருளும் பொருந்துவதை விளக்கிவிட்டால், அந்தச் சொல்லை இரண்டாம் தாளிலிருந்து அடித்துவிட்டு முதல் தாளில் எழுதிக்கொள்ளலாம்.